ஏழாம் தேதியும் எஸ்தரின் மூன்றாவது கூட்டுத்தொகையும்

உஸ்மான் ரோட்டில் அந்த ஐந்து மாடி ஜவுளிக்கடைக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் யாரும் எஸ்தரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் உட்கார்ந்திருப்பது ஐந்தாம் மாடியில், சரக்கு அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். ஆனால் கீழே பட்டுப் பிரிவில் மடிப்பு விரித்துக் காட்டும் பையனிலிருந்து வாசலில் சல்யூட் அடிக்கும் காவலாளி வரை முந்நூற்று எண்பத்தாறு பேருக்கும் அவளைத் தெரியும். அவர்களுக்குச் சம்பளம் போடுகிறவள் அவள்தான். ஏழாம் தேதி காலையில் லிஃப்டில் அவளைக் கண்டால், முந்தின நாள் வரை முறைத்தவர்கள்கூட வணக்கம் வைப்பார்கள். எஸ்தர் அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை.

நாற்பத்தாறு வயது. பட்டினப்பாக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அப்பா கட்டுமரத்தில் போய், பிறகு ஃபைபர் படகில் போய், கடைசியில் எதிலும் போகாமல் சாராயத்தோடு கரையிலேயே தங்கிவிட்டவர். அம்மா மீன் விற்றாள். விற்ற காசைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகினால், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்குத் தவிர அந்தப் பை அவிழாது. அப்பா அடித்தும் பார்த்தார், அழுதும் பார்த்தார். பை அவிழவில்லை. அந்தப் பைக்குள்ளிருந்துதான் எஸ்தர் நந்தனத்தில் பி.காம். படித்தாள். இருபத்து மூன்று வயதில் இந்தக் கடையில் கல்லாவில் பில் போடச் சேர்ந்தாள். இப்போது சம்பளப் பிரிவுக்கே அவள்தான் பெரிய ஆள். அவளுக்குக் கீழே ஒரே ஒரு ஆள்: நாஸியா. விடுப்பு, பி.எஃப்., புதிதாகச் சேருகிறவர்களின் காகிதங்கள் எல்லாம் நாஸியாவின் பாடு.

வேலை முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. மாதக் கடைசியில் வருகைப் பதிவை மூடுவார்கள். மூன்றாம் தேதிக்குள் எஸ்தர் சம்பளப் பட்டியலைத் தயாரித்துவிடுவாள். நான்காம் தேதி அது முதலாளி கணேசமூர்த்தியின் மேசைக்குப் போகும். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அண்ணாச்சி பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, புதுப் பெயர்களையும் அதிகச் சம்பளங்களையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கையெழுத்துப் போடுவார். கூடவே நீல நிறத்தில் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் மூன்றே எண்கள்: எத்தனை பேர், மொத்தச் சம்பளம் எவ்வளவு, கணக்கு எண்களின் கூட்டுத்தொகை. அதிலும் கையெழுத்து. அதன் பிறகு பட்டியல் பூட்டப்படும். ஒரு ரூபாயைக்கூட யாராலும் மாற்ற முடியாது. ஏழாம் தேதி காலையில் அந்தப் பூட்டிய பட்டியலிலிருந்து கணினி வங்கிக்கான கோப்பை எழுதும். ஆளுக்கு ஒரு வரி: பெயர், கணக்கு எண், கிளைக் குறியீடு, தொகை. கோப்பின் அடியில் அதே மூன்று எண்களைக் கணினி தானே கூட்டிப் போடும். சீட்டில் உள்ளதும் கோப்பில் உள்ளதும் ஒன்றாக இருந்தால்தான் கோப்பு வங்கியின் தளத்தில் ஏறும். எஸ்தர் ஏற்றுவாள், கணக்கு மேலாளர் சுரேஷ்குமார் சரிபார்த்து, தன் போனுக்கு வரும் எண்ணைத் தட்டி அனுமதிப்பார். ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. பகல் இரண்டு மணிக்குள் முடிந்தால் அன்று மாலையே எல்லோர் கணக்கிலும் பணம்.

சீட்டின் மூன்றாவது எண் எஸ்தரின் சொந்தச் சரக்கு. வங்கிக்கு முதல் இரண்டு போதும். மூன்றாவதுக்கு அவள் ஒவ்வொருவரின் கணக்கு எண்ணிலும் கடைசி ஆறு இலக்கத்தை எடுத்து எல்லாவற்றையும் கூட்டச் சொல்லியிருந்தாள். வருகிற தொகைக்கு ஒரு பொருளும் கிடையாது. அதை வைத்து ஒரு டீகூட வாங்க முடியாது. ஆனால் யாராவது ஒருவரின் கணக்கு எண் மாறினாலும் அந்தத் தொகை மாறிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காவலாளி ஷரீஃபுக்கு நடந்ததுதான் இதற்குக் காரணம். ஒப்புதல் ஆன பிறகு வேறொருவரின் விலாசத்தைத் திருத்தப் போன யாரோ, தவறிப் போய் ஷரீஃபின் கணக்கில் ஒரு இலக்கத்தை மாற்றிவிட்டார்கள். ஆள் கணக்கு சரி, பணக் கணக்கும் சரி, சம்பளம் மட்டும் முகம் தெரியாத ஒருவருக்குப் போய்விட்டது. திரும்பி வர நாற்பத்தொரு நாள் ஆயிற்று. பட்டியலைப் பூட்டினால் தொகைதான் பூட்டப்படுகிறது, கணக்கு எண்கள் திறந்த வீடாகத்தான் கிடக்கின்றன என்று எஸ்தருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வாரமே மூன்றாவது எண்ணைக் கொண்டுவந்தாள். அத்தோடு ஒரு சட்டமும் போட்டாள்: கணக்கு மாற்ற வேண்டுமென்றால் இருபத்தைந்தாம் தேதிக்குள் படிவம் தர வேண்டும், பிந்தினால் அடுத்த மாதம். கெஞ்சினவர்களுக்கெல்லாம் அவளிடமிருந்து கிடைத்தது ஒரே பதில்: காலண்டரைப் பார்.

இந்த ஆகஸ்ட் ஏழாம் தேதி ஆடித் தள்ளுபடியின் உச்சம். ரங்கநாதன் தெருவிலிருந்து வழிந்த கூட்டம் கடைக்குள்ளும் நின்றது. பதினோரு மணிக்கு எஸ்தர் கோப்பை எழுதச் சொன்னாள். ஆட்கள்: சீட்டில் 386, கோப்பில் 386. தொகை: சீட்டில் 58,41,276, கோப்பிலும் அதேதான். மூன்றாவது: சீட்டில் 19,26,40,381. கோப்பில் 19,31,67,216.

எஸ்தர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடியில் குற்றமில்லை. ஐந்து லட்சத்து இருபத்தாறாயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்து கூடுதலாக நின்றது. பணம் இல்லை அது, வெறும் எண்தான். ஆனாலும் எவனோ கை வைத்திருக்கிறான். நாஸியாவைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தாள். கணினியில் கணக்கு எண்கள் இருக்கும் பக்கத்துக்குத் தன்னிடம் கடவுச்சொல்லே கிடையாது என்றாள் நாஸியா. அடுத்த சந்தேகம் சுரேஷ்குமார் மேல் பாய்ந்தது. அண்ணாச்சியின் தங்கை மகன், விரல் கொஞ்சம் துறுதுறு என்று எஸ்தருக்கு எப்போதுமே ஓர் எண்ணம். மனதுக்குள் அவனை நன்றாகத் திட்டிக்கொண்டே, கணக்கு எண்களில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று கணினி குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தாள்.

நான்காம் தேதிக்குப் பிறகு ஒரே ஒரு மாற்றம். பணியாளர்: கீர்த்தி, சுடிதார் பிரிவு. பழைய கணக்கின் முடிவு 204817. புதியது 731652. தேதி ஐந்து, மாலை ஆறு பன்னிரண்டு. மாற்றியவர்: எஸ்தர்.

திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துத் தனக்கே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஐந்தாம் தேதி மாலை நடந்தது அப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்தது. கீர்த்தி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, கடையின் விடுதியில் தங்கியிருப்பவள். அந்தப் பக்கத்துப் பெண்களை அண்ணாச்சி சேர்ப்பது அவர்களுடைய அப்பாக்களிடம் பேசித்தான். சேருகிற அன்று அப்பா ஒரு கணக்கு எண்ணைக் கொடுப்பார். அப்பா பெயரும் பெண் பெயரும் சேர்ந்த கணக்கு, ஏ.டி.எம். கார்டு அப்பாவின் சட்டைப்பையில். கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான், யாரும் கேள்வி கேட்டதில்லை. கீர்த்தியின் அப்பா லோடு வண்டி வாங்கியிருந்தார். சம்பளம் விழுந்த கையோடு வண்டித் தவணை அதை எடுத்துக்கொண்டது. நாலு மாதமாக அவள் கைக்கு வந்தது மாதம் ஐந்நூறு ரூபாய். நாப்கின் வாங்கக்கூட அறையில் இருப்பவர்களிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது என்று, புதிதாகத் திறந்த தன் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள். எஸ்தர் படிவத்தை வாங்கினாள். காலண்டரைப் பார் என்ற வார்த்தை அன்றைக்கு வாயில் வரவில்லை. அப்போதே கணினியில் எண்ணை மாற்றிவிட்டு, பெண்ணைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போகச் சொன்னாள். தானே கொண்டுவந்த மூன்றாவது எண் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகமே இல்லை. இளகாத மனசு ஒருமுறை இளகினால் இப்படித்தான், அதற்குப் பழக்கம் இருப்பதில்லை.

மணி பன்னிரண்டு. சுரேஷ்குமார் வந்து எட்டிப் பார்த்தார். எஸ்தர் மறைக்கவில்லை, உள்ளதைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். ஆள் சரி, பணம் சரி, ஏறினது நிஜமாகவே அந்தப் பெண்ணின் கணக்கு. இதில் என்ன வந்தது என்றார்.

"அந்த மூணாவது நம்பர மாமா என்னைக்கு மேடம் படிச்சிருக்காரு? புதுசா ஒரு சீட்டு எழுதி மத்த கையெழுத்தோட சேர்த்து நீட்டுங்க. போட்டுட்டுப் போயிட்டே இருப்பாரு. ரெண்டு மணிக்குள்ள ஏத்தணும்ல."

அவர் சொன்னது தப்பான கணிப்பு இல்லை. அண்ணாச்சி முதல் இரண்டு எண்ணைத்தான் பார்ப்பார். இன்னொரு சுலபமான வழியும் இருந்தது. பழைய கணக்கு எண்ணைத் திரும்பப் போட்டுவிட்டால் மூன்று எண்ணும் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், யாருக்கும் எதுவும் தெரியாது. கீர்த்தியின் பதினாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் மாலையில் லோடு வண்டிக்குப் போய்விடும், அவ்வளவுதான். அண்ணாச்சியிடம் போய் உண்மையைச் சொன்னாலோ, அவர் முதல் வேலையாகச் சங்கரன்கோவிலுக்கு போன் போடலாம். அப்பா வந்து பெண்ணை ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம். எஸ்தரின் வேலைக்கும் உத்தரவாதம் இல்லை. ஒப்புதலுக்குப் பிறகு ஒரு கணக்கு எண்ணைத் தொட்டது திருட்டுக்கு அடுத்த குற்றம் என்று இரண்டு வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததே அவள்தான்.

"இன்னா சார் சொல்றீங்க. நானே ஏமாத்தி கையெழுத்து வாங்கிக்கினு இருந்தா, நாளைக்கு எவன் வந்து எவன் சம்பளத்த மாத்துனாலும் இன்னான்னு கேக்க எனக்கு வாய் கீதா?" என்றாள் எஸ்தர்.

சொன்ன தைரியம் ஆறிப்போவதற்குள் நாற்காலியிலிருந்து எழுந்து பதிவேட்டை அச்செடுத்தாள்.

அண்ணாச்சி நாலாம் மாடியில் தன் அறையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். எஸ்தர் நீலச் சீட்டையும் பதிவேட்டின் அச்சுப் பிரதியையும் மேசையில் வைத்தாள். தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துச் சொன்னாள்.

"தப்பு என்னுது அண்ணாச்சி. நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் நான்தான் மாத்துனேன்."

அவர் தூக்கை மூடினார். மூன்றாவது எண் எதற்கு என்று, இத்தனை மாதமும் அதற்கடியில் கையெழுத்துப் போட்ட மனிதர் முதல் தடவையாகக் கேட்டார். எஸ்தர் விளக்கினாள். கேட்டுக்கொண்டவர் குரலை உயர்த்தாமல் திட்டினார். அதுதான் அதிகமாக வலித்தது. இருபத்து மூன்று வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பின ஒரே ஆள் நீங்கள், உங்கள் கையையும் இனிமேல் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்றார். எஸ்தருக்குக் கண்ணில் நீர் முட்டியது. நின்றுகொண்டே கேட்டுக்கொண்டாள். பிறகு அவர் அந்தப் பெண்ணின் அப்பாவை நினைத்தார். அந்த ஆள் தன்னை நம்பித்தானே பெண்ணை அனுப்பினான், அவனுக்குத் தெரியாமல் எப்படி மாற்றுவது, பழையபடியே போட்டுவிடுங்கள் என்றார்.

இங்கேதான் எஸ்தர் பிடிவாதமாக நின்றாள். கீர்த்தி எழுதிக் கொடுத்த படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, தெரிந்தே அதே கணக்கில் போடுவது சரியில்லை என்றாள். ஒரு வழியும் சொன்னாள். கீர்த்தியின் வரியை மட்டும் நிறுத்திவைத்துவிடலாம். மற்ற முந்நூற்று எண்பத்தைந்து பேருக்கும் ஒரு சீட்டு, ஒரு கோப்பு, இரண்டு மணிக்குள் போய்விடும். கீர்த்தியை அண்ணாச்சியே கூப்பிட்டுக் கேட்கட்டும். அவர் எந்தக் கணக்கு என்று முடிவு செய்கிறாரோ அதற்கு வேறு சீட்டு, வேறு கோப்பு. ஒரு ஆளுக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

அண்ணாச்சி யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட சீட்டிலிருந்தே எஸ்தர் அவர் கண்ணெதிரில் கழித்துக் காட்டினாள். ஆட்களில் ஒன்று. தொகையில் 14,350. மூன்றாவதில் கீர்த்தியின் பழைய எண் 204817. கிடைத்தது 385, 58,26,926, 19,24,35,564. அவர் புதுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை மூன்று எண்ணையும் படித்தார். எஸ்தர் மேலே ஓடி, கீர்த்தியின் பெயருக்கு நேரே நிறுத்தம் என்று குறித்து, கோப்பை எழுதவைத்தாள். அடியில் மூன்று எண்களும் சீட்டில் உள்ளபடியே வந்தன. அப்படியானால் வேறு யார் கணக்கும் மாறவில்லை. அந்த நிம்மதியில்தான் தனக்குப் பசிப்பதே அவளுக்குத் தெரிந்தது. ஒன்றே முக்காலுக்குள் சுரேஷ்குமார் தன் பங்கை முடித்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கீர்த்தி நாலாம் மாடிக்கு வந்தாள். கடைச் சீருடைப் புடவை, கழுத்தில் அளவு நாடா. எஸ்தர் கதவோரம் நின்றாள். பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். அண்ணாச்சி ஊர்க்காரர் குரலில்தான் கேட்டார். அப்பாவுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றாள். அப்பா கடனில் கிடக்கும்போது பெற்ற பெண் இப்படிச் செய்யலாமா என்றார். கீர்த்தி கழுத்து நாடாவை விரலில் சுற்றினாள். எஸ்தருக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள்.

"அப்பாவுக்கு நானே அனுப்புதேன் அண்ணாச்சி. அனுப்ப மாட்டேன்னு சொல்லல. ஆனா காலையில ஒம்பதரைக்கு வந்தா ராத்திரி வரைக்கும் நாந்தான நிக்கேன். எங்கையில வரட்டும், நான் குடுக்கேன்" என்றாள் கீர்த்தி.

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார். சட்டென்று எஸ்தரிடம் கையை நீட்டினார்.

எஸ்தர் நீலச் சீட்டை நீட்டினாள். ஆட்கள்: 1. தொகை: 14,350. மூன்றாவது: 7,31,652. ஒரே ஆள் என்பதால் கூட்ட எதுவும் இல்லை. மூன்றாவது எண் அந்தப் பெண்ணின் கணக்கு எண்ணின் கடைசி ஆறு இலக்கமேதான். அண்ணாச்சி பாஸ்புக்கைக் கேட்டு வாங்கி, சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். ஏழு, மூணு, ஒண்ணு, ஆறு, அஞ்சு, ரெண்டு. சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

ஒரு வரி மட்டும் இருந்த கோப்பு மூன்றரைக்கு ஏறியது. வங்கியில் நேரம் கடந்துவிட்டதால் பணம் மறுநாள் காலையில்தான் சேரும் என்று எஸ்தர் கீர்த்தியிடம் சொன்னாள். கீர்த்தி பரவாயில்லை என்றாள். நாலு மாதம் காத்திருந்தவளுக்கு ஒரு ராத்திரி பெரிசில்லை.

அன்று மாலையே எஸ்தர் ஓர் உத்தரவைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அண்ணாச்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. இனிமேல் கணக்கு எண்களை மாற்றுவது நாஸியாவின் பொறுப்பு. வங்கிக் கோப்பை எழுதுகிறவருக்கு அந்தப் பக்கத்தில் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. தன் அதிகாரத்தைப் பறிக்கும் காகிதத்தைத் தானே பிழையில்லாமல் அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவமானமாக இருந்தது. இருந்தாலும் அந்த உத்தரவு சரியானது, இரண்டு வருஷத்துக்கு முன்பே அவளே கேட்டிருக்க வேண்டியது.

அவள் அண்ணாச்சியின் அறையில் நிற்கும்போதே அவருக்கு போன் வந்தது. கீர்த்தியின் அப்பா. எல்லோருக்கும் சம்பளம் வந்துவிட்டதாம், தனக்கு மட்டும் வரவில்லையாம். தவணைக்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கிறானாம். அந்தக் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அண்ணாச்சி முழுதும் கேட்டார்.

"தப்பு ஒண்ணும் நடக்கலய்யா. ஒம் பொண்ணு சம்பளம் ஒம் பொண்ணு கணக்குக்குப் போயிருக்கு. நாந்தான் கையெழுத்துப் போட்டேன். அவகிட்ட கேளு, மரியாதயா கேளு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பிறகு உத்தரவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, இந்த மாதிரி அப்பாக்கள் கணக்கில் சம்பளம் போகிற பெண்கள் கடையில் எத்தனை பேர் என்று தலைநிமிராமல் கேட்டார்.

எஸ்தர் பட்டியலைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

"அம்பத்திரண்டு பேர் அண்ணாச்சி."

அவர் பேனாவை மூடினார்.

"இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள படிவம் குடுக்கணும்னு சொல்லிருங்க. பிந்தினா வாங்காதீங்க."